மூன்றாவது மேசையில் மட்டும் ஏன் குவிகிறது?

பேக்கிங் கூடத்தில் வேலை தேங்கினால் திட்டு வாங்குவது பெரும்பாலும் யார் முன்னால் சரக்கு குவிந்து கிடக்கிறதோ அவர்தான். "என்னம்மா, கை ஓடலையா?" என்று சூப்பர்வைசர் குரல் கொடுப்பார். பக்கத்து மேசைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதால் அவர் சுறுசுறுப்பானவராகவும், குவியலுக்கு நடுவில் திணறுபவர் மந்தமானவராகவும் தெரிவார்கள். ஒரு கடிகாரத்தையும் ஒரு தாளையும் எடுத்துக்கொண்டு அரை நாள் உட்கார்ந்தால் கதை வேறாக இருப்பது பல இடங்களில் தெரியவரும். திணறுபவருக்குக் கொடுக்கப்பட்ட வேலையே அதிகம்.

திருப்பூரில் ஆன்லைன் ஆர்டருக்கு டி-ஷர்ட் அனுப்பும் ஒரு நடுத்தர நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். நீளமான மேசை வரிசையில் ஐந்து பேர். ஒரு பார்சல் கூரியர் மூட்டைக்குள் போய் விழுவதற்குள் பத்து வேலைகள் நடக்கின்றன. ஆர்டரைப் பார்த்து, சைஸும் நிறமும் சரிதானா என்று ஸ்கேன் செய்ய 18 விநாடி. அப்போது அச்சாகி வரும் பில்லை எடுத்து மடிக்க 8. சட்டையைப் பாலிதீன் கவரில் போட்டு ஒட்ட 20. தட்டையாக அடுக்கி வைத்த அட்டைப்பெட்டியை விரித்து அடியில் டேப் ஒட்ட 14. கவரைப் பெட்டிக்குள் வைத்து, ஆடாமல் இருக்கக் காகிதம் திணிக்க 16. பில்லை உள்ளே போட 5. மேல்மூடியில் டேப் ஒட்ட 12. எடை பார்க்க 7. முகவரி லேபிளை எடுத்து ஒட்ட 15. எந்தக் கூரியர் என்று பார்த்து அந்த மூட்டையில் போட 9. கூட்டினால் ஒரு பார்சலுக்கு 124 விநாடி கைவேலை.

இந்த எண்கள் ஒரே ஒரு பார்சலைப் பார்த்து எழுதியவையாக இருக்கக் கூடாது. ஒவ்வொரு வேலையையும் பல முறை அளந்து சராசரி எடுக்க வேண்டும். மிக வேகமானவரை மட்டும் அளந்தால் கணக்கு ஏட்டில் மட்டுமே ஓடும்.

இப்போது எவ்வளவு வேகம் தேவை என்று பார்ப்போம். எட்டு மணி நேர ஷிப்ட். சாப்பாட்டுக்கு அரை மணி, இரண்டு டீக்கு அரை மணி போனால் மிச்சம் 7 மணி நேரம், அதாவது 25,200 விநாடி. ஒரு நாளைக்கு 840 பார்சல் போக வேண்டும். 25,200-ஐ 840-ஆல் வகுத்தால் 30. வரிசையின் கடைசியில் 30 விநாடிக்கு ஒரு பார்சல் விழுந்துகொண்டே இருக்க வேண்டும். இதைத்தான் சைக்கிள் டைம் என்கிறார்கள். ஒரு பார்சலைக் கட்டி முடிக்க ஆகும் நேரம் 124 விநாடிதான். ஆனால் ஒரு பார்சலுக்கும் அடுத்த பார்சலுக்கும் நடுவில் உள்ள இடைவெளி 30 விநாடி. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் மேற்கொண்டு எதுவும் புரியாது.

எத்தனை பேர் வேண்டும்? 124-ஐ 30-ஆல் வகுத்தால் 4.13. நாலே அரைக்கால் ஆளை வேலைக்கு வைக்க முடியாதே, ஆகவே ஐந்து பேர். இது குறைந்தபட்ச எண்ணிக்கை. இதற்குக் கீழே போகவே முடியாது. ஆனால் இத்தனை பேரால் கட்டாயம் முடியும் என்று இந்த எண் உறுதி சொல்வதில்லை. அதற்குப் பிறகு வருவோம்.

நம் கூடத்தில் ஐந்து பேர் இருக்கிறார்கள், ஆனாலும் 840 போகவில்லை, 720-ஐத் தாண்டவில்லை. அவர்கள் வேலையைப் பிரித்துக்கொண்ட விதத்தைப் பாருங்கள். முதல் மேசைக்காரர் ஸ்கேன் மட்டும் செய்கிறார், 18 விநாடி. இரண்டாமவர் பில்லை மடித்து, சட்டையைக் கவரில் போடுகிறார், 28. மூன்றாமவர் பெட்டியை விரித்து ஒட்டி, சட்டையை வைத்துக் காகிதம் திணித்து, பில்லையும் போடுகிறார், 35. நான்காமவர் மூடி ஒட்டி எடை பார்க்கிறார், 19. ஐந்தாமவர் லேபிள் ஒட்டி மூட்டை பிரிக்கிறார், 24.

மூன்றாம் மேசையிலிருந்து 35 விநாடிக்கு ஒன்றுதான் வெளியே வரும். மற்றவர்கள் எவ்வளவு வேகமாக இருந்தாலும் வரிசையின் வேகம் அதுதான். 25,200-ஐ 35-ஆல் வகுத்தால் சரியாக 720. முதல் மேசைக்காரர் இன்னும் வேகம் காட்டினால் மூன்றாம் மேசைக்கு முன்னால் குவியல் வளரும். ஒரு பார்சல்கூடக் கூடாது. எந்த மேசை இடைஞ்சல் என்று கண்டுபிடிக்கக் கடிகாரம்கூடத் தேவையில்லை. எந்த மேசைக்கு முன்னால் சரக்கு சேர்கிறதோ, அதற்குப் பின்னால் ஆள் சும்மா நிற்கிறாரோ, அங்கேதான் அடைப்பு.

திருத்தம் மிகச் சின்னது. பில்லைப் பெட்டிக்குள் போடும் 5 விநாடி வேலையை மூன்றாமவரிடமிருந்து எடுத்து நான்காமவரிடம் கொடுத்தால் போதும். பெட்டியை மூடப்போவது அவர்தான், பில்லை அவரே போட்டு மூடலாம். மடித்த பில்லைக் கவரின் மேல் வைத்து அனுப்பினால் வேறு பெட்டிக்கு மாறிப்போகவும் வழியில்லை. இப்போது மூன்றாம் மேசை 30, நான்காம் மேசை 24. அதிகபட்சம் 30. அதே ஐந்து பேர், அதே கூலி, நாளொன்றுக்கு 120 பார்சல் கூடுதல்.

எதை வேண்டுமானாலும் இப்படி மாற்ற முடியாது. ஸ்கேன் செய்யாமல் கவரில் போட முடியாது. மூடிய பிறகு பில் போட முடியாது. எடை பார்க்காமல் கூரியர் லேபிள் வராது. பெட்டி விரிப்பதற்கு மட்டும் அப்படி முன்வேலை எதுவும் இல்லை. சட்டையை வைப்பதற்கு முன்னால் எப்போது வேண்டுமானாலும் செய்யலாம். எது எதற்கு முன்னால் என்ற இந்த வரிசையைத் தாளில் அம்புக்குறி போட்டு வரைந்துகொண்ட பிறகுதான் வேலையை நகர்த்த வேண்டும்.

லைன் எபிஷியன்சி என்று மேலாளர்கள் கேட்கும் சதவீதத்தையும் இப்போது போட்டுவிடலாம். மொத்தக் கைவேலை நேரத்தை, ஆட்களின் எண்ணிக்கையையும் சைக்கிள் டைமையும் பெருக்கி வந்த எண்ணால் வகுக்க வேண்டும். பழைய ஏற்பாட்டில் ஐந்து பேர், 35 விநாடி, ஆக 175. 124-ஐ அதால் வகுத்தால் 71 சதவீதம். மாற்றிய பிறகு 150-ஆல் வகுக்கிறோம், ஏறத்தாழ 83 சதவீதம். மீதி 17 சதவீதம் யாரோ ஒருவர் காத்திருக்கும் நேரம்.

இந்தச் சதவீதத்தை நான் முழுதாக நம்பமாட்டேன். கடைசி மேசையில் மூட்டைகளைத் தள்ளி வைத்துவிட்டார்கள், நடை கூடி 9 விநாடி வேலை 15 ஆகிவிட்டது என்று வையுங்கள். அந்த மேசை 24-லிருந்து 30 ஆகும். சைக்கிள் டைம் மாறவில்லை, ஒரு பார்சலும் கூடவில்லை. ஆனால் மொத்த வேலை 130 விநாடியாக ஏறியதால் எபிஷியன்சி 87 சதவீதத்தைத் தொட்டுவிடும்! வேலையை வீணாக நீட்டினாலும் ஏறக்கூடிய எண் இது. பார்சல் எண்ணிக்கையையும் ஆட்களின் எண்ணிக்கையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இதற்கு அர்த்தம்.

இனி தீபாவளி சீசன் வருகிறது, ஒரு நாளைக்கு 1,000 பார்சல் வேண்டும். சைக்கிள் டைம் 25.2 விநாடியாக இறங்குகிறது. 124-ஐ 25.2-ஆல் வகுத்தால் 4.92. ஐந்து பேரே போதும் என்கிறது கணக்கு, எபிஷியன்சியோ 98 சதவீதத்துக்கு மேல். இதைக் கேட்டு முதலாளி மகிழ்ந்துபோவார். ஆனால் முடியாது. ஐந்து பேருக்கும் சேர்த்து 126 விநாடி இருக்கிறது; வேலை 124; வீணாக்க இடம் 2 விநாடிதான். ஸ்கேனுக்கு 18 விநாடி. அதோடு பில் மடிப்பதைச் சேர்த்தால் 26, பெட்டி விரிப்பதைச் சேர்த்தால் 32, கவர் போடுவதைச் சேர்த்தால் 38, எல்லாமே 25.2-ஐத் தாண்டுகின்றன. மற்ற வேலைகளுக்கோ இன்னும் முறை வரவில்லை. ஆகவே ஸ்கேன் மேசை தனியாகத்தான் நிற்கும். அங்கேயே 7 விநாடிக்கு மேல் வீண். ஐந்து பேர் கணக்கு அந்த இடத்திலேயே உடைந்துவிடுகிறது.

இப்படிப் பிரிப்பதற்கு 1961-ல் ஹெல்கெசன், பிர்னி என்ற இருவர் ஒரு எளிய விதி சொன்னார்கள். ஒவ்வொரு வேலைக்கும் அதன் நேரத்தோடு, அது முடியக் காத்திருக்கும் எல்லா வேலைகளின் நேரத்தையும் கூட்டி ஒரு எடை போடுவது. எடை அதிகமானதை முதலில் மேசையில் வைப்பது. மிச்ச இடத்தில் அடுத்து எது கொள்கிறதோ அதைச் சேர்ப்பது. நம் கூடத்தில் ஸ்கேனின் எடை 110, கவருக்கு 84, பெட்டி விரிப்பதற்கு 78. இந்த விதிப்படி அடுக்கினால் ஸ்கேன் தனியாக, கவர் தனியாக, பெட்டி விரிப்பதோடு பில் மடிப்பு, பொருள் வைப்பதோடு பில் போடுதல், மூடுவதோடு எடை, லேபிளோடு மூட்டை என்று ஆறு மேசை வருகிறது. அதிகபட்சம் 24 விநாடி. நாளுக்கு 1,050 வரை போகும். எபிஷியன்சி 86 சதவீதம். ஆக, ஆறாவது ஆள் வேண்டும்.

அல்லது பெட்டியை மாற்றலாம். அடிப்பாக மடிப்பு தானே பூட்டிக்கொள்ளும் அட்டைப்பெட்டிகள் சந்தையில் உண்டு. அழுத்தி விரித்தால் அடி தயார், டேப் வேண்டாம். 14 விநாடி வேலை 5-க்கு வந்தால் அது ஸ்கேன் மேசையிலேயே அடங்கிவிடும், 23. கவர் 20. பில் மடிப்பும் பொருள் வைப்பதும் 24. பில் போட்டு, மூடி, எடை பார்க்க 24. லேபிளும் மூட்டையும் 24. ஐந்தே பேர், அதே 1,050 பார்சல், எபிஷியன்சி 96 சதவீதம்.

இவ்வளவு இறுக்கமான வரிசைக்கு ஒரு ஆபத்து உண்டு. மூன்று சட்டை உள்ள ஆர்டர் ஒன்று வந்தாலும், ஒருவர் தண்ணீர் குடிக்கப் போனாலும் வரிசை முழுக்க நிற்கும். மேசைகளுக்கு நடுவில் நாலைந்து பார்சல் இருப்பு வைக்க இடம் விட வேண்டும். பல சட்டை ஆர்டர்களைத் தனியாகப் பிரித்து வேறு நேரத்தில் ஓட்டுவதும் நல்லது.

பூட்டுப் பெட்டி விலை கூடுதல்தான். ஆறாவது ஆளின் நாள் கூலி 700 ரூபாய் என்றால், 1,000 பார்சலுக்குப் பிரித்துப் பார்த்தால் பார்சலுக்கு 70 காசு. மிச்சமாகும் டேப்பைக் கழித்தபின் பெட்டியின் கூடுதல் விலை அதற்குள் இருந்தால் பெட்டியை மாற்றுங்கள். தாண்டினால் ஆளைச் சேருங்கள்.