64-இடம் கேளுங்கள்

மேலே x^(−2/3), கீழே x^(1/2). இந்தப் பின்னத்தைச் சுருக்கச் சொன்னால் பலருக்கும் கை நின்றுவிடும். x-ஐச் சற்று நகர்த்திவைத்து, அந்த இடத்தில் 64-ஐ உட்காரவைத்துப் பார்ப்போம்.

அடுக்கில் 1/3 இருந்தால் கனமூலம் என்று பொருள். 4 × 4 × 4 = 64; எனவே 64-இன் கனமூலம் 4. அடுக்கு 2/3 என்றால் அந்த 4-ஐ வர்க்கமாக்க வேண்டும், 16 வரும். முன்னால் நிற்கும் கழித்தல் குறி, கிடைத்ததைத் தலைகீழாக்கச் சொல்கிறது. ஆக மேலே இருப்பது 1/16. அந்தக் குறி விடையைக் குறை எண்ணாக்கிவிடும் என்று நினைப்பதுதான் பலரும் செய்யும் முதல் பிழை. கீழே இருப்பது வர்க்கமூலம், அதாவது 8. 1/16-ஐ 8-ஆல் வகுத்தால் 1/128. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது x-க்குத் திரும்புவோம். ஐந்து x-களின் பெருக்கலை இரண்டு x-களின் பெருக்கலால் வகுத்தால் மூன்று மிஞ்சும். அதனால்தான் அடிமானம் ஒன்றாக இருக்கும்போது, மேல் அடுக்கிலிருந்து கீழ் அடுக்கைக் கழிக்கிறோம். அடுக்கு பின்னமானாலும் விதி அதேதான்.

−2/3 − 1/2 = −4/6 − 3/6 = −7/6

எனவே விடை x^(−7/6), அதாவது 1/x^(7/6). 7/6 என்பது ஒன்றும் ஆறில் ஒன்றும் சேர்ந்தது. ஆகவே பகுதியில் இருப்பது, x-ஐ அதன் ஆறாம் மூலத்தால் பெருக்கியது. 64-இன் ஆறாம் மூலம் 2; 64 × 2 = 128. முன்பு கிடைத்த 1/128-உடன் அப்படியே பொருந்துகிறது.

தவறு செய்தாலும் 64 காட்டிக்கொடுத்துவிடும். கழிப்பதற்குப் பதில் கூட்டினால் அடுக்கு −1/6 ஆகும், 1/2 வரும். அடுக்கையே அடுக்கால் வகுத்தால் −4/3, 1/256 வரும். இரண்டுமே 1/128 அல்ல.

ஒரு வரம்பு உண்டு. இங்கே x மிகை எண்ணாக இருக்க வேண்டும். சுழியம் என்றால் சுழியத்தால் வகுக்க நேரும். குறை எண் என்றால் அதற்கு மெய்யெண்ணில் வர்க்கமூலம் கிடையாது.

எல்லாக் கணக்குக்கும் 64 உதவுமா? அடுக்குகளின் பகுதிகள் 3, 2. அவற்றின் மீச்சிறு பொது மடங்கு 6. இரண்டின் ஆறாம் அடுக்கு 64 என்பதால்தான் மூலங்கள் எல்லாம் முழு எண்ணாக வந்தன. பகுதிகள் 3, 4 என்றால் இரண்டின் பன்னிரண்டாம் அடுக்கான 4096-ஐ எடுங்கள். 1-ஐ மட்டும் எடுக்காதீர்கள். 1-இன் எந்த அடுக்கும் 1தான். தப்பான விடையையும் அது சரி என்றே சொல்லும்.