நான்கு வினாடிச் சின்னம்

ஜெமினி நிறுவனத்தின் திரைப்படங்கள், இரு சிறுவர் குழல் ஊதும் சின்னத்துடன் தொடங்கியதைப் பலரும் அறிவர். அவ்வாறே ஒரு சிறு கடையும் தன் பெயரை அசைவும் ஒலியும் கூட்டி விளம்பரத்தின் முடிவில் காட்டலாம். அதற்கு நான்கே வினாடி கிடைக்கிறதெனில், அதனை எவ்வாறு பங்கிடுவது?

மதுரையில் ஒரு சுங்குடிச் சேலைக் கடையை எடுத்துக்கொள்வோம். வினாடிக்கு 25 படங்கள் வீதம் நான்கு வினாடிக்கு 100 படங்கள். முதல் 40 படங்களில், முடிச்சிட்டுச் சாயம் தோய்ப்பதால் விளையும் வெண்புள்ளிகள் ஒன்றுகூடிக் கடையின் பெயராகட்டும். எஞ்சிய 60 படங்களிலும் பெயர் அசையாது நிற்றல் வேண்டும். அசையும் எழுத்தைக் கண் தொடருமேயன்றி எளிதில் படிக்காது. அசைவுக்கே 80 படங்களைச் செலவிட்டால், பெயரைப் படித்து முடிக்குமுன் திரை மறைந்துவிடும்.

இனி ஒலி. பெயர் நிலைபெறும் 40ஆம் படத்தில் ஒரு மணியோசை எழட்டும். அது ஒரு படம் பிந்தினால் குற்றமில்லை, முந்தினாலோ உறுத்தும். வைகைக் கரையில் தொலைவில் துணி துவைப்பவரைப் பாருங்கள்: முதலில் காட்சி, பின்னரே ஓசை. அவ்வரிசைக்கு நம் புலன்கள் பழகியவை. மணியின் ரீங்காரம் அடங்க இரண்டு வினாடி ஆகுமெனில், அதற்கும் இங்கே இடமுண்டு. மூன்றாம் வினாடியில் அடித்தால் ஒலி பாதியில் அறுபடும். தவிலின் தொப்பி முழக்கம் இதற்குப் பொருந்தாது. கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கி அத்தாழ்ந்த ஒலியை எழுப்ப இயலாது.

முடித்தபின், ஒலியை அடக்கி ஒருமுறை பாருங்கள். அப்போதும் பெயர் தெளிவாகப் புலப்பட்டால் பங்கீடு சரியே.