பக்கத்து கம்பெனி என்ன சம்பளம் தருகிறது?

திருப்பூர் பின்னலாடைக் கம்பெனி ஒன்றுக்கு மூன்று வருட அனுபவமுள்ள மெர்ச்சண்டைசர் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வெளிநாட்டு பையரிடம் ஆர்டர் வாங்குவது முதல் சரக்கு கப்பல் ஏறுவது வரை ஓடிக்கொண்டே இருக்கும் வேலை அது. எவ்வளவு சம்பளம் சொல்லலாம்? இதே ஆளைத் தேடும் மற்ற கம்பெனிகளின் விளம்பரங்களிலேயே பாதி பதில் இருக்கிறது.

முதல் வேலை, களையெடுப்பு. ஒரே காலியிடத்தை மூன்று கன்சல்டன்சிகள் கம்பெனி பெயரைச் சொல்லாமல் போடுவது சகஜம். ஊர், அனுபவம், பொறுப்புகள் எல்லாம் வரிக்கு வரி ஒத்துப்போனால் அது ஒரே வேலை. ஒன்றை மட்டும் எண்ண வேண்டும்.

சம்பளத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஒரு விளம்பரம் 'ஆண்டுக்கு 3 லட்சம் சி.டி.சி.' என்கிறது. இன்னொன்று 'கைக்கு 21,000' என்கிறது. மூன்று லட்சத்தை மாதக்கணக்கில் போட்டால் 25,000. முதல் கம்பெனிதான் தாராளம் என்று தோன்றும். ஆனால் சி.டி.சி. என்பது அந்த ஆளுக்காகக் கம்பெனி செய்யும் மொத்தச் செலவு. அடிப்படைச் சம்பளம் 15,000 என்று கொண்டால், கம்பெனி கட்டும் 12 சதவீத பி.எஃப். 1,800 ரூபாய் அதற்குள்ளேயே அடக்கம். கிராஜுவிட்டிக்கு ஒதுக்கும் சுமார் 720 ரூபாயும் பெரும்பாலும் அப்படித்தான். மீதி 22,480. அதில் ஊழியர் பங்காக இன்னொரு 1,800 போனால் கைக்கு வருவது சுமார் 20,680. இரண்டாவது கம்பெனிதான் கூடுதலாகத் தருகிறது!

'18,000 முதல் 35,000 வரை, 2 முதல் 8 வருட அனுபவம்' என்ற விளம்பரமும் வரும். உண்மையில் அது இரண்டு பதவிகளை ஒரே வரியில் அடைத்தது. மூன்று வருடக்காரருக்கு அதன் கீழ்ப்பகுதிதான் பொருந்தும். 26,500 என்று நடுவில் ஒரு எண்ணை எடுத்துச் சுருக்கத்தில் எழுதினால் கணக்கு கெட்டுப்போகும்.

திறமைகளை எண்ணும்போது 'கட்டாயம்' என்பதையும் 'இருந்தால் நல்லது' என்பதையும் தனித்தனிப் பத்தியில் போட வேண்டும். காஸ்டிங், சாம்பிள் அப்ரூவல், பையருக்கு ஆங்கிலத்தில் மெயில் எழுதுவது ஆகியவை பல விளம்பரங்களில் கட்டாயமாக வந்தால், அவற்றைத்தான் சந்தை கேட்கிறது. ஒரே ஒரு விளம்பரம் பிரெஞ்சு மொழி கேட்டால், அது அந்தக் கம்பெனியின் பையரைப் பற்றிய செய்தி.

கடைசியில் தேறும் சுருக்கம் அரைப் பக்கம்தான்: கைக்கு வரும் சம்பளத்தின் நடு எண், கட்டாயத் திறமைகள், விளம்பரங்களின் தேதி, எத்தனை விளம்பரங்களில் சம்பளமே இல்லை என்ற எண்ணிக்கை. இந்தக் கடைசி எண்ணை விட்டுவிடக் கூடாது. இருபதில் ஐந்து மட்டுமே சம்பளம் சொல்லியிருந்தால், அந்த நடு எண் ஐந்து கம்பெனிகளின் குரல் மட்டுமே. அதோடு, விளம்பரத்தில் இருப்பது கம்பெனி தருவதாகச் சொல்லும் தொகை. பேரம் முடிந்து தரும் தொகை வேறாக இருக்கலாம்.

வேலை தேடுபவர்களும் இதே கணக்கைப் போடலாம். நேர்காணலில் சி.டி.சி. என்று சொன்னால், பிடித்தம் போக மாதம் கைக்கு எவ்வளவு என்று தயங்காமல் கேளுங்கள்.