முதல் இரண்டு வீடுகள் எங்கே?

கட்டான் ஆட்டத்தில் பகடை உருளும் முன்பே பாதி ஆட்டம் முடிந்துவிடுகிறது. தொடக்கத்தில் ஆளுக்கு இரண்டு வீடுகளைப் பலகையில் வைக்கிறோமே, அந்த இரண்டு இடங்கள்தான் அடுத்த ஒரு மணி நேரம் நம் கைக்கு என்ன வரும், என்ன வராது என்பதைத் தீர்மானிக்கின்றன. ஜெர்மனியைச் சேர்ந்த கிளாவுஸ் டாய்பர் உருவாக்கி, 1995ல் வெளியான ஆட்டம் இது. பல்மருத்துவத்துக்கான செயற்கைப் பற்கள் செய்யும் தொழிலில் இருந்தவர் அவர்.

பலகை 19 அறுகோண நிலங்களால் ஆனது. காடு மரம் தரும், வயல் கோதுமை தரும், மேய்ச்சல் நிலம் ஆட்டுக் கம்பளி தரும். இவை ஒவ்வொன்றும் நான்கு. செங்கல் தரும் குன்றும் தாது தரும் மலையும் மும்மூன்றுதான். மிச்சம் ஒன்று பாலைவனம்; அதில் எதுவும் விளையாது. மற்ற 18 நிலங்களின் மேலும் ஓர் எண் வில்லை இருக்கும். இரண்டு பகடைகளை உருட்டி வரும் கூட்டுத்தொகை எந்த நிலத்தின் எண்ணோ, அந்த நிலத்தின் முனையில் வீடு வைத்திருப்பவர்களுக்கு அதன் சரக்கு ஒன்று கிடைக்கும்.

இரண்டு பகடைகள் விழும் விதங்கள் மொத்தம் 36. அவற்றில் 2 வருவது ஒரே விதத்தில்தான்: ஒன்றும் ஒன்றும். 6 வருவதற்கு ஐந்து விதங்கள், 8க்கும் ஐந்து. 5க்கும் 9க்கும் நான்கு, 4க்கும் 10க்கும் மூன்று, 3க்கும் 11க்கும் இரண்டு. 12க்கு மறுபடி ஒன்றே ஒன்று. அதிகம் விழுவது 7, ஆறு விதங்கள். ஆனால் அது யாருக்கும் சரக்கு தராது, கொள்ளைக்காரனைத்தான் நகர்த்தும். இந்தக் கணக்கை நாம் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. எண் வில்லையின் கீழே அத்தனை புள்ளிகளை அச்சிட்டே கொடுத்திருக்கிறார்கள்.

ஒரு வீடு பொதுவாக மூன்று நிலங்கள் சந்திக்கும் முனையில் நிற்கும். எனவே மூன்று எண்களின் புள்ளிகளையும் கூட்டி, அதிகம் வரும் முனையில் வைப்பதே புதிதாக ஆடுகிறவர்கள் முதலில் கற்றுக்கொள்ளும் வழி. தவறான வழி அல்ல. ஆனால் அது எத்தனை அட்டை வரும் என்று மட்டும்தான் சொல்லும்; அந்த அட்டைகளை வைத்து எதையாவது கட்ட முடியுமா என்று சொல்லாது.

ஒரு பலகையை எடுத்துக்கொள்வோம். அதில் செங்கல் நிலங்களுக்கு 3, 4, 11 என்ற எண்கள் விழுந்திருக்கின்றன. புள்ளிகளைக் கூட்டினால் ஏழு. மரம், கோதுமை, கம்பளி மூன்றுக்கும் தலா பதின்மூன்று, தாதுவுக்குப் பன்னிரண்டு. ஆக இந்தப் பலகையில் எல்லாருக்கும் தட்டுப்பாடாகப் போவது செங்கல்.

நால்வர் ஆட்டத்தில் நாம் முதல் ஆள் என்று கொள்வோம். முதல் வீட்டை ஒன்றாவதாக வைப்போம். சுற்று கடைசி ஆள்வரை போய்த் திரும்பி வருவதால், இரண்டாவது வீட்டை எட்டாவதாக, எல்லாரும் எடுத்தது போக மிஞ்சிய இடத்தில்தான் வைக்க முடியும். நம் கண்ணில் இரண்டு முனைகள் படுகின்றன. ஒன்று 6 மரம், 9 கோதுமை, 5 கம்பளி சந்திக்குமிடம்: பதின்மூன்று புள்ளி. மற்றொன்று 8 தாது, 10 கோதுமை, 4 செங்கல்: பதினொன்று.

பதின்மூன்றை எடுத்தால் என்ன ஆகும்? இரண்டு வீடுகள் அடுத்தடுத்த முனைகளில் நிற்கக் கூடாது என்பது விதி. அதனால் ஒரு நிலத்தைச் சுற்றி அதிகபட்சம் மூன்று வீடுகளுக்குத்தான் இடம். பலகையில் ஓரளவாவது செங்கல் தரும் நிலம் 4 ஒன்றுதான் என்பதால், நம் முறை திரும்பி வருவதற்குள் அந்த மூன்று இடங்களும் போய்விடும். நமக்கு மிஞ்சுவது 11 செங்கல், 3 மரம், 10 தாது என்ற ஏழு புள்ளி முனை. மொத்தம் இருபது.

பதினொன்றை எடுத்தால், கடைசியில் கிடைப்பது 9 மரம், 4 கம்பளி, 2 கோதுமை என்ற எட்டுப் புள்ளி முனை. மொத்தம் பத்தொன்பது. மேலோட்டமாகப் பார்த்தால் ஒரு புள்ளி நட்டம்.

பகடை 72 முறை உருள்கிறது என்று வைத்துக்கொண்டு, இந்த இரண்டு வீடுகள் மட்டும் சராசரியாக என்ன தரும் என்று பார்ப்போம். முதல் வழியில் 40 அட்டைகள்: மரம் 14, கோதுமை 8, கம்பளி 8, தாது 6, செங்கல் 4. இரண்டாம் வழியில் 38: தாது 10, மரம் 8, கோதுமை 8, கம்பளி 6, செங்கல் 6.

இப்போது கட்டுமானச் செலவைப் பாருங்கள். சாலைக்கு ஒரு மரம், ஒரு செங்கல். வீட்டுக்கு மரம், செங்கல், கோதுமை, கம்பளி தலா ஒன்று. இரண்டிலும் மரமும் செங்கலும் ஜோடியாகவே போகின்றன. மரத்துக்கு வேறு செலவே இல்லை. நான்கு செங்கல் வைத்திருப்பவரால் நான்கு மரத்தைத்தான் செலவழிக்க முடியும். மீதி பத்து மரம் கையில் தங்கிவிடும். வங்கியில் நான்கு கொடுத்தால் ஒன்று என்ற வீதத்தில் மாற்றினால் அதற்கு இரண்டு அட்டைதான் தேறும். மாற்றாமல் சேர்த்து வைத்தாலும் ஆபத்து: 7 விழும்போது கையில் ஏழுக்கு மேல் இருந்தால் பாதியைத் தூக்கிப் போட வேண்டும்.

இரண்டாம் வழியில் மரம் எட்டு, செங்கல் ஆறு. வீணாவது இரண்டே மரம். வீட்டை நகரமாக்க மூன்று தாதும் இரண்டு கோதுமையும் வேண்டும். பத்து தாது மூன்று நகரங்களுக்குப் போதும். முதல் வழியின் ஆறு தாதுவில் இரண்டுதான் எழும்பும். போதாக்குறைக்கு, செங்கல் வேண்டுமென்று மற்றவர்கள் நம்மிடம் வருவார்கள். அப்போது பேரம் நம் பக்கம் சாயும்.

இந்தக் கணக்கு எல்லா இடத்திலும் செல்லாது. 4 என்ற எண் சராசரியாகப் பன்னிரண்டு உருட்டலுக்கு ஒருமுறை விழ வேண்டும். ஆனால் பன்னிரண்டு உருட்டலிலும் ஒருமுறைகூட விழாமல் போகும் வாய்ப்பு ஏறத்தாழ 35 சதவீதம். நம் இரண்டாம் வழியில் செங்கலும் கம்பளியும் ஒரே 4ஐ நம்பியிருக்கின்றன. சராசரி மாறாது என்றாலும், அந்த எண் வராத நேரத்தில் இரண்டும் சேர்ந்தே வறண்டுவிடும். தாது தரும் 8ன் மேல் யாராவது கொள்ளைக்காரனை நிறுத்தினால், அவன் அங்கிருந்து நகரும்வரை அதுவும் நின்றுபோகும். இன்னொன்று துறைமுகம். பதின்மூன்று புள்ளி முனையை எடுத்தவர், இரண்டு மரத்துக்கு எந்தச் சரக்கு வேண்டுமானாலும் ஒன்று தரும் மரத் துறைமுகத்தைப் பிடித்துவிட்டால், தங்கிப்போன பத்து மரம் ஐந்து நல்ல அட்டையாகிவிடும். அப்போது முதல் வழியே மேல். ஆனால் துறைமுகங்கள் கடலோரத்தில் இருப்பதால் அந்த முனைகளைத் தொடும் நிலங்கள் குறைவு, புள்ளிகளும் குறைவு. அங்கே வீடு வைப்பதற்கும் ஒரு விலை உண்டு.

குறைவாகக் கிடைக்கிறது என்பதற்காகவே ஒரு சரக்கைத் துரத்தவும் வேண்டாம். கம்பளி குறைவாக உள்ள பலகையில் பெரிய இழப்பு இல்லை. ஒரு வீட்டுக்கு ஒன்று, வளர்ச்சி அட்டைக்கு ஒன்று, அவ்வளவுதான் அதன் தேவை, பிறரிடம் பேசி வாங்கிவிடலாம். செங்கலோ தாதுவோ குறைந்தால்தான் ஆட்டத்தின் ஒரு முழுப் பாதையே அடைபடுகிறது. செங்கல், மரம் இரண்டுமே மோசமான எண்களில் விழுந்திருந்தால், சாலைப் போட்டியை மற்றவர்களுக்கு விட்டுவிட்டு, தாதும் கோதுமையும் கம்பளியும் சந்திக்கும் முனையில் உட்கார்ந்து நகரங்களுக்கும் வளர்ச்சி அட்டைகளுக்கும் போங்கள். அடுத்த ஆட்டத்தில் வீட்டைக் கையில் எடுக்கும் முன், முனைகளின் புள்ளிகளைக் கூட்டுவதற்கு முன்பே, ஐந்து சரக்குகளின் புள்ளிகளையும் தனித்தனியாகக் கூட்டிப் பாருங்கள். அரை நிமிட வேலைதான்.