ஆறு சதவீத ராயல்டி: லாபம் ஊர் மாறும் கணக்கு

வரித்தள அரிப்பு, லாபப் பெயர்ப்பு என்று பெரிய பெயரெல்லாம் வைத்திருக்கிறார்கள். விஷயம் என்னவோ ஒரு பெட்டிக்கடைக் கணக்குதான். ஸ்டார்பக்ஸின் பிரிட்டன் கிளையை வைத்துச் சொன்னால் சுலபமாகப் புரியும் என்று நினைக்கிறேன்.

அந்தக் கிளை ஸ்டார்பக்ஸ் என்ற பெயரையும் தொழில்முறையையும் பயன்படுத்துவதற்காக, விற்பனையில் 6 சதவீதத்தை நெதர்லாந்தில் இருந்த சகோதர நிறுவனத்துக்கு ராயல்டியாகக் கட்டி வந்தது. இந்த 6 சதவீதம் விற்பனை மேல் கணக்கிடப்படுவது, லாபத்தின் மேல் அல்ல. சூட்சுமமே இதில்தான்.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். விற்பனை 100 பவுண்டு. காபிக்கொட்டை, வாடகை, சம்பளம் எல்லாம் 95. மிச்சம் 5. பிரிட்டனில் 2012இல் நிறுவன வரி 24 சதவீதம், ஆக வரி 1.20 பவுண்டு. இப்போது ராயல்டியைச் செலவாக எழுதுங்கள். 5 பவுண்டு லாபம் 1 பவுண்டு நஷ்டமாகிவிட்டது. வரி பூஜ்யம். அந்த 6 பவுண்டு போய்ச் சேரும் இடத்தில் வரி 5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், அங்கே கட்டுவது 30 பென்ஸ். குழுமத்தின் மொத்த லாபம் அதே 5 பவுண்டுதான், வரி மட்டும் 1.20இலிருந்து 0.30 ஆகிவிட்டது. ஒரு கோப்பை காபிகூட இடம் மாறவில்லை.

சரி, வரித்துறை சும்மாவா இருந்தது? கேள்வி கேட்டது. கழித்துக்கொள்ள அனுமதித்த ராயல்டியை 4.7 சதவீதமாகக் குறைத்தது. நம் கணக்கில் அப்போது லாபம் 30 பென்ஸ், வரி வெறும் 7 பென்ஸ். விகிதத்தைப் பேரம் பேசினால் கிடைப்பது இவ்வளவுதான்.

நிறுவனத்தின் வாதத்தையும் ஒதுக்கிவிட முடியாது. சம்பந்தமில்லாத வெளியாரும் இதே 6 சதவீதம்தான் கட்டுகிறார்கள் என்றது. விலை சந்தை விலைதான் என்றால் சட்டப்படி தப்பில்லை. ஆனால் நான் வேறொன்றைப் பார்ப்பேன். வருஷக்கணக்காக நஷ்டம் காட்டும் ஒரு வெளியார், ராயல்டியைக் குறையுங்கள் என்று சண்டை போட்டிருப்பார், அல்லது கடையை மூடியிருப்பார். இந்தக் கிளையோ புதுக் கடைகள் திறந்துகொண்டிருந்தது. பிரிட்டன் வியாபாரம் லாபகரமானது என்று முதலீட்டாளர்களிடம் சொல்லப்பட்டதும் 2012இல் வெளியே வந்தது. வரித்துறைக்கு நஷ்டம், பங்குதாரருக்கு லாபம் என்று ஒரே கடைக்கு இரண்டு கதை இருந்தால் அங்கே உற்றுப் பார்க்க வேண்டும்.

ஓஇசிடி 2015இல் வெளியிட்ட பரிந்துரைகள் கேள்வியையே மாற்றின. பெயருக்குச் சட்டப்படி உரிமை யாரிடம் என்பது மட்டும் போதாது. அந்தப் பெயரை வளர்த்தது யார், பாதுகாத்தது யார், அதற்கான ஆபத்தைச் சுமந்தது யார் என்று பார்க்கச் சொல்கின்றன. நாலு பேர் உட்கார்ந்திருக்கும் ஆபீசுக்கு முழு ராயல்டியும் போனால், இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது கஷ்டம்.