அடுப்படியிலிருந்து ஒரு சேனல் – 7: தேடினால் கிடைக்கணும், பார்த்தால் தட்டணும்

போன வாரம் இட்லி மாவு வீடியோவை எடுத்து, வெட்டி ஒட்டி முடித்தோம். மழைக்காலத்தில் மாவு ஏன் பொங்குவதில்லை என்பதுதான் விஷயம். மிக்ஸி சூடாகக் கூடாதென்று வெயில் காலத்தில் ஃப்ரிட்ஜ் தண்ணீர் ஊற்றி அரைப்போம். அதே பழக்கத்தை மழையிலும் தொடர்ந்தால் மாவு சில்லிட்டுப்போய், விடிந்தும் அப்படியே கிடக்கும். சரி, இதற்கு என்ன தலைப்பு?

‘பாட்டி சொன்ன ரகசியம்! இனி கவலையே இல்லை’ என்று வைக்கத்தான் முதலில் கை போகும். ஆவல் இருக்கிறது, இட்லி எங்கே? மாவு பொங்காமல் விழிப்பவர் ‘ரகசியம்’ என்றா தேடுவார்? பயந்துபோய் அடுத்து வைப்பது, ‘இட்லி மாவு | Idli Maavu | Soft Idli | Idli Batter’. இது மளிகைச் சீட்டு. தேடலில் வந்தாலும், இதில் புதிதாக என்ன என்று தெரியாததால் விரல் கடந்து போய்விடும்.

யூடியூப் தேடல் பெட்டியில் ‘இட்லி மாவு’ என்று அடித்து நிறுத்துங்கள். கீழே விழும் வரிசைதான் மக்கள் பேசும் மொழி. பொங்க என்கிறார்களா, புளிக்க என்கிறார்களா என்று அங்கே தெரியும். ‘idli maavu’ என்றும் அடித்துப் பாருங்கள். தமிழை ஆங்கில எழுத்தில் தேடுகிறவர்கள் ஏராளம். உங்கள் பழைய தேடல்கள் குழப்பாமலிருக்க, பிரவுசரின் இன்காக்னிட்டோவில் பாருங்கள். ‘புளிக்க’ என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். நம் தலைப்பு இது:

‘இட்லி மாவு புளிக்கலையா? மழைக்காலத்தில் இந்தத் தண்ணீர் ஊற்றாதீங்க | Idli Maavu’

தேடும் சொல் முன்னால் நிற்கிறது. போனில் வால் வெட்டுப்பட்டாலும் தலை தெரியும். எந்தத் தண்ணீர் என்பதை மட்டும் மறைத்திருக்கிறோம். தலைப்புக்கு 100 எழுத்துதான் இடம். ‘மாவு’ நமக்கு இரண்டெழுத்து. கணினிக்கு நான்கு, துணைக்காலையும் உகரக் குறியையும் தனியாக எண்ணும். அந்தக் கணக்கில் இது 77.

வெளியிட்டு ஒரு வாரம் கழித்து ஸ்டுடியோவில் பாருங்கள். தேடல் வழியாக யாரும் வரவில்லையா? முன்பாதிச் சொற்களை மாற்றுங்கள். கண்ணில் பட்டும் தட்டவில்லையா? பின்பாதியை மாற்றுங்கள், தம்ப்நெயிலையும் ஒருமுறை பாருங்கள். பாதி சேனல்களுக்கு, கண்ணில் படும் நூறு தடவையில் 2 முதல் 10 தட்டல்கள்தான் என்று யூடியூபே சொல்கிறது. 4 வந்தால் கலங்காதீர்கள். இரண்டு பாதியையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

நன்றாகத் தட்டி, முதல் அரை நிமிடத்திலேயே ஓடிப்போகிறார்களென்றால் குறை தலைப்பில் இல்லை. ‘எந்தத் தண்ணீர்?’ என்று கேட்டு வந்தவரிடம் சேனல் வரலாறு சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். ஃப்ரிட்ஜ் தண்ணீர் பாட்டிலை முதல் காட்சியிலேயே காட்டிவிடுங்கள்.