மெயிலில் ஒளிந்திருக்கும் குத்தல்

‘அஸ் பெர் மை லாஸ்ட் ஈமெயில்.’ என் முந்தைய மெயிலில் சொன்னபடி, என்று பொருள். இலக்கணத்தில் பிழையில்லை. திட்டும் சொல் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் இப்படித் தொடங்கும் மெயிலைத் திறந்தவுடன் பலருக்கு முகம் மாறிவிடுகிறது. 2018-இல் அடோபி நிறுவனம் அமெரிக்க அலுவலக ஊழியர்களிடம், மெயிலில் உங்களை அதிகம் எரிச்சலூட்டும் வாசகம் எது என்று கேட்டது. ‘என் கடைசி மெயிலைப் பார்த்தீர்களா என்று தெரியவில்லை’ என்பது முதலிடம் பெற்றது. நான்கில் ஒருவர் அதைச் சொன்னார்கள். அதற்கு அடுத்த இடத்தில் வந்தது ‘முந்தைய மெயிலில் சொன்னபடி’.

நம்மூர் அலுவலகங்களில் இந்த வாசகத்தை எழுதுபவர்கள் எல்லோரும் கோபத்தோடு எழுதுவதில்லை. தமிழ்நாட்டு அரசுக் கடிதம் ஒன்றை எடுத்துப் பாருங்கள். மேலே ‘பொருள்’ இருக்கும், அதன் கீழே ‘பார்வை’ இருக்கும். பார்வையில் முந்தைய கடிதங்களின் எண்ணும் தேதியும் வரிசையாக வரும். பிறகு, ‘பார்வை 2-இல் காணும் கடிதத்தின்படி’ என்று கடிதம் தொடங்கும். இதில் யாரும் யாரையும் குத்தவில்லை. பழைய கடிதம் வேறொரு கோப்பில், வேறொரு அலமாரியில் இருக்கிறது. அது எது என்று சொன்னால்தான் எதிரில் இருப்பவர் தேடி எடுக்க முடியும். அந்தப் பழக்கத்தில் வளர்ந்த ஆங்கிலம்தான் நம் அலுவலக ஆங்கிலம். ‘அஸ் பெர்’ நம் கைக்கு இயல்பாக வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

மெயிலில் நிலைமை வேறு. முந்தைய மெயில் அதே தொடரில், இரண்டு விரல் தள்ளிக் கீழேயே இருக்கிறது. அதைத் தேட வேண்டிய வேலையில்லை. ஆகவே ‘முந்தைய மெயிலில் சொன்னபடி’ என்பதில் தகவல் எதுவும் மிஞ்சுவதில்லை. மிஞ்சுவது ஒன்றுதான்: ‘நான் சொன்னேன், நீ படிக்கவில்லை.’ படிப்பவர் காதில் அதுதான் விழுகிறது.

குத்தலைக் கண்டுபிடிக்கும் வழியும் இதிலேயே இருக்கிறது. சந்தேகப்படும் சொல்லை மெயிலிலிருந்து எடுத்துவிட்டுப் படியுங்கள். செய்தி ஏதாவது குறைந்ததா? குறைந்தால் அந்தச் சொல்லுக்கு அங்கே வேலை இருக்கிறது. ஒன்றும் குறையவில்லை, குரல்தான் தணிந்தது என்றால் அது குத்தல். இந்தச் சோதனையை நம் மனநிலையை வைத்துச் செய்யாமல் எழுத்தை வைத்துச் செய்வது முக்கியம். ஏனென்றால் நம் மனதில் இருந்த தொனி அப்படியே போய்ச் சேரும் என்று நாம் தவறாக நம்புகிறோம். ஜஸ்டின் குரூகர், நிக்கோலஸ் எப்லி ஆகியோரும் சக ஆய்வாளர்களும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், கிண்டலாகச் சில வாக்கியங்களையும் நேராகச் சில வாக்கியங்களையும் மெயிலில் அனுப்பச் சொன்னார்கள். பெறுபவர்கள் நூற்றுக்கு 78 முறை சரியாகக் கண்டுபிடிப்பார்கள் என்று அனுப்பியவர்கள் எதிர்பார்த்தார்கள். நடந்தது 56 முறை. காசைச் சுண்டிப் போட்டுச் சொன்னாலே 50 வந்திருக்கும். அதே வாக்கியங்களைக் குரலில் சொன்னபோது எதிர்பார்ப்புக்கு அருகிலேயே வந்தார்கள். ‘நான் சாதாரணமாகத்தான் எழுதினேன்’ என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அது எதிரில் இருப்பவருக்குத் தெரிய வழியில்லை.

இனி ஒரு மெயிலைப் பிரித்துப் பார்ப்போம். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனம், அங்கே ஒரு மெர்ச்சண்டைசர், இங்கிலாந்தில் ஒரு பையர் என்று வைத்துக்கொள்வோம். பையர் கேட்ட நேவி நீலத்தில் சின்னத் துணித் துண்டுகளுக்குச் சாயம் போட்டு, ஏ, பி, சி என்று லேசாக மாறுபடும் மூன்று லேப் டிப்களை 4ஆம் தேதி கூரியரில் அனுப்பியாயிற்று. பையர் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால்தான் மொத்தத் துணிக்கும் சாயம் போட முடியும். 11ஆம் தேதி ஆகிறது, பதில் இல்லை. மெர்ச்சண்டைசர் எழுதுகிறார்:

‘என் முந்தைய மெயிலில் சொன்னபடி, லேப் டிப்கள் 4ஆம் தேதியே அனுப்பப்பட்டுவிட்டன. இன்னும் உங்களிடமிருந்து பதில் வரவில்லை. இதற்கு முன்னுரிமை கொடுத்து உடனே உறுதி செய்யவும்.’ சிசியில் பையரின் மேலாளர்.

‘முந்தைய மெயிலில் சொன்னபடி’ மட்டுமல்ல, ‘4ஆம் தேதியே’ என்பதில் இருக்கும் ஏகாரமும் ‘இன்னும்’ என்பதும் அதே வேலையைச் செய்கின்றன. ‘முன்னுரிமை கொடுத்து’ என்றால் இதுவரை கொடுக்கவில்லை என்று அர்த்தம். சிசி சத்தமில்லாத புகார். இவ்வளவு சுட்டிக்காட்டல் இருந்தும், பையருக்குத் தேவையானது எதுவும் இல்லை. ‘உடனே’ என்றால் எந்தத் தேதி? தாமதமானால் என்ன ஆகும்? கூரியர் போய்ச் சேர்ந்ததா? ஒருவேளை அந்தப் பொட்டலம் அவர்கள் அலுவலகத்தில் வேறு மேஜையில் கிடக்கலாம். இதற்கு வரும் பதிலையும் ஊகித்துவிடலாம்: ‘ஏற்கெனவே குறிப்பிட்டபடி, எங்கள் கலர் டீம் பார்த்துக்கொண்டிருக்கிறது.’ குத்தலுக்குக் குத்தல் வந்தது, நிறம் வரவில்லை.

அதே நிலைமையை இப்படி எழுதலாம்:

‘நேவி லேப் டிப் ஏ, பி, சி மூன்றில் ஒன்றை 14ஆம் தேதி மாலைக்குள் தேர்ந்தெடுத்துச் சொல்ல முடியுமா? சாயப் பட்டறையில் நமக்கு 16ஆம் தேதி இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அது தவறினால் அடுத்த இடம் 23ஆம் தேதிதான். ஷிப்மென்ட்டும் ஒரு வாரம் தள்ளும். கூரியர் விவரம் கீழே இருக்கிறது. பொட்டலம் கைக்கு வரவில்லை என்றால் சொல்லுங்கள், இன்றே வேறு செட் அனுப்புகிறேன்.’

இது முதல் மெயிலைவிட மென்மையானது என்பதைவிட, உறுதியானது என்பதைக் கவனியுங்கள். தேதி இருக்கிறது, காரணம் இருக்கிறது, தவறினால் விளைவு இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, பையர் தன் மானம் போகாமல் பதில் சொல்ல ஒரு கதவு திறந்திருக்கிறது. பொட்டலத்தைத் தொலைத்திருந்தால்கூட ‘வரவில்லை’ என்று சொல்லிவிடலாம். முதல் மெயிலில் அந்தக் கதவு மூடியிருந்தது.

இதனால்தான், குத்தும் வாசகத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இனிப்பான வாசகம் ஒன்றை வைத்தால் போதும் என்று சொல்லும் பட்டியல்களை நான் நம்புவதில்லை. ‘ஜென்டில் ரிமைண்டர்’ அப்படி வந்ததுதான். அதை இன்று எத்தனை பேர் மென்மையாகப் படிக்கிறார்கள்? மூன்றாவது ‘ஜென்டில் ரிமைண்டர்’ முதல் அதட்டலைவிடக் கடுமையாகக் கேட்கிறது. மாற்ற வேண்டியது சொல்லை அல்ல, காலியாக விட்ட கோரிக்கையை. எனக்கு என்ன வேண்டும், எப்போது, எதற்கு என்பதை எழுதிவிட்டால், பெரும்பாலும் குத்தும் சொல்லுக்கு மெயிலில் இடமே இருக்காது. ‘கோயிங் ஃபார்வர்ட்’, அதாவது இனிமேல், என்று தொடங்கும் அறிவுரைக்கும் இதுதான் மருந்து. ‘இனிமேல் ஃபைலைச் சரிபார்த்து அனுப்பவும்’ என்பதைவிட, ‘இந்த ஃபைலில் எக்ஸ்எல் சைஸ் வரிசை விடுபட்டிருக்கிறது, சேர்த்து அனுப்ப முடியுமா?’ என்பது வேலையை முடிக்கும்.

ஏன் நேராகக் கேட்காமல் குத்துகிறோம்? 1945-இல் வில்லியம் மெனிங்கர் என்ற மனநல மருத்துவரின் பொறுப்பில் அமெரிக்க ராணுவம் வெளியிட்ட குறிப்பேட்டில்தான் ‘பேஸிவ் அக்ரஸிவ்’ என்ற வகை இடம்பெற்றது. மேலதிகாரியின் உத்தரவை மறுக்க முடியாத சிப்பாய், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறான், வேலையை இழுத்தடிக்கிறான், அரைகுறையாகச் செய்கிறான். எதிர்த்துப் பேச முடியாத இடத்தில் எதிர்ப்பு இந்த வடிவம் எடுக்கிறது. அலுவலகத்திலும் அப்படித்தான். ‘சார், மூன்று முறை கேட்டுவிட்டேன், பதில் சொல்லுங்கள்’ என்று மேலாளரிடம் சொல்ல முடியாத ஊழியர், ‘முந்தைய மெயிலில் சொன்னபடி’ என்று எழுதுகிறார். அவரைக் குறை சொல்வதற்கு முன் மூன்று மெயிலுக்குப் பதில் போடாதவரைக் கேட்க வேண்டும். ‘பார்த்தேன், வியாழக்கிழமை சொல்கிறேன்’ என்ற ஒரு வரி போயிருந்தால் அந்த வாசகம் பிறந்திருக்காது.

நேராகச் சொல்லாமல் சொல்லும் கலை தமிழில் நிறையவே உண்டு. பெனலபி பிரவுனும் ஸ்டீபன் லெவின்சனும் மனிதர்கள் பேச்சில் எப்படி ஒருவர் முகத்தை ஒருவர் காப்பாற்றுகிறார்கள் என்று எழுதிய புகழ்பெற்ற நூல் மூன்று மொழிகளை ஆதாரமாகக் கொண்டது. அவற்றில் ஒன்று கோவை வட்டாரத் தமிழ். மறைமுகமாகப் பேசுவது மரியாதையாகவும் இருக்க முடியும். கேட்பவருக்கு விலகிக்கொள்ள இடம் தருவதால் அது மரியாதை ஆகிறது. குத்தல் இடம் தருவதில்லை. ‘ஃபைல் அனுப்பியிருந்தேன், கிடைத்ததா?’ என்பதற்கும் ‘ஃபைல் அனுப்பியிருந்தேனே, பார்க்கலையா?’ என்பதற்கும் உள்ள வித்தியாசம் நமக்கு விளக்காமலே தெரியும். வாட்ஸ்அப்பில் ‘பரவாயில்லை, நீங்க பிஸியா இருப்பீங்க’ என்று வரும்போது அது பரவாயில்லை அல்ல என்பதும் தெரியும். இந்தச் செவி நமக்குத் தமிழில் இருக்கிறது. ஆங்கில மெயில் எழுதும்போதுதான் அது அடைத்துக்கொள்கிறது. எழுதியதைத் தமிழில் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் குத்தல் உடனே கேட்கும்.

முந்தைய மெயிலைச் சுட்டவே கூடாது என்பதில்லை. பணம், விலை, ஒப்பந்தம், பாதுகாப்பு ஆகியவற்றில் யார் எப்போது என்ன சொன்னார் என்பது பதிவில் இருந்தாக வேண்டும். அங்கே தேதியையும் விஷயத்தையும் வெளிப்படையாக எழுதுங்கள்: ‘மார்ச் 4 மெயிலில் ஒரு சட்டைக்கு 3.20 டாலர் என்று முடிவானது. இன்று வந்த ஆர்டரில் 3.05 என்று இருக்கிறது. எதை எடுத்துக்கொள்வது?’ இதில் முந்தைய மெயிலை எடுத்தால் செய்தி குறையும். எனவே அது குத்தல் இல்லை. மேலாளரைச் சேர்க்க வேண்டி வந்தால் அதையும் மறைக்க வேண்டாம். ‘விலை முடிவுக்காக இவரையும் சேர்த்திருக்கிறேன்’ என்று எழுதிவிட்டுச் சேர்க்கலாம்.

இரண்டு மெயிலுக்குப் பதில் வராத இடத்தில் மூன்றாவது மெயில் எழுதாதீர்கள். போனை எடுத்துப் பேசுங்கள். பேசி முடித்ததும், முடிவு என்ன, யார் எந்தத் தேதிக்குள் செய்கிறார் என்று இரண்டு வரி மெயில் போட்டுவிடுங்கள்.